14 பக்கத்தில் 6 கட்டுரையைத் தேடுவது

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட தட்டை எடுப்பதற்குள் தங்கை மகள் தன் சிவியை ஒரு கத்தைக் காகிதமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நதி நீரில் உள்ள நுண்ணுயிரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். 2021இல் டாக்டர் பட்டம் வாங்கினாள். 2022 முதல் ஒப்பந்த விரிவுரையாளர். இப்போது வேறு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"பெரியம்மா, நீங்க கமிட்டியில உக்காந்தவங்க. இதை ஒரு தடவை பாருங்களேன்" என்றாள்.

14 பக்கம். முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம், அடையாள எண், ஓட்டுநர் உரிமம், மதம், பொழுதுபோக்கு. இரண்டாவதில் மெட்ரிக் பாடங்களும் மதிப்பெண்களும். மூன்றாவதில் பரிசுகள், அவற்றில் ஒன்று 12 வயதில் தமிழ் ஐஸ்டெட்ஃபாட் கலைப் போட்டியில் தேவாரம் பாடி வாங்கியது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்பதாம் பக்கத்தில்தான் ஆரம்பித்தன. நான் சிரிக்கவில்லை. டர்பனில் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். சிவி என்றால் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தேர்வுக் குழு எப்படிப் படிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவுக்கு 43 விண்ணப்பங்கள் வந்தன. மனிதவளப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து அனுப்பியது. கூடவே ஒரு கட்டம் போட்ட தாள். இடது பக்கம் விண்ணப்பதாரர் பெயர்கள், மேலே விளம்பரத்தில் கேட்ட குறைந்தபட்சத் தகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி: டாக்டர் பட்டம், அங்கீகாரம் பெற்ற இதழ்களில் இத்தனை கட்டுரை, இத்தனை வருடக் கற்பித்தல், முதுகலை மேற்பார்வை, ஆராய்ச்சி நிதி. ஒவ்வொரு பெட்டியிலும் உண்டு அல்லது இல்லை. குறைந்தபட்சத் தகுதி ஒன்றில் 'இல்லை' விழுந்தாலும் அந்த ஆள் அடுத்த கட்டத்துக்கு வரமாட்டார். அன்று இரவு லோட் ஷெடிங் வேறு. மடிக்கணினி பேட்டரி தீர்வதற்குள் முடிக்க வேண்டும் என்று உருட்டிக்கொண்டே போனேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருப்பேனா என்பதே சந்தேகம்.

மறுநாள் கூட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு நான் 9 கட்டுரை என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் 4 என்று எழுதியிருந்தார். ஒரே பட்டியலைத்தான் இருவரும் படித்திருந்தோம். அதில் 30க்கு மேல் வரிகள், எல்லாம் ஒரே வரிசை எண்ணில். மாநாட்டில் படித்த உரையின் சுருக்கம் சில சமயம் ஒரு இதழின் இணைப்பில் அச்சாகும். அதற்கும் இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் இருக்கும், அவசரத்தில் பார்த்தால் கட்டுரை மாதிரியே தெரியும். நான் அவற்றையும் எண்ணியிருந்தேன், அவர் எண்ணவில்லை. சந்தேகமான ஒன்றிரண்டையும் அவர் விட்டிருந்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. குறைந்த எண்தான் தாளில் ஏறியது, அந்த ஆள் ஷார்ட்லிஸ்ட்டில் வரவில்லை. உண்மையில் எத்தனை என்று பிறகு வீட்டில் எண்ணிப் பார்த்தேன். 6. கேட்டிருந்ததும் 6தான்.

இந்தக் கதையைச் சொன்னதும் தங்கை மகள் தன் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுடையதில் 23 வரிகள். பேனா எடுத்து இருவரும் வகை பிரித்தோம். இதழ்களில் வெளிவந்த கட்டுரை 7. ஏற்கப்பட்டு இன்னும் வெளிவராதது 1. மாநாட்டுத் தொகுப்பில் முழுக் கட்டுரையாக வந்தது 2. நூலில் ஒரு அத்தியாயம். வெறும் உரைகளும் சுவரொட்டிகளும் 6. இதழுக்கு அனுப்பிப் பதில் வராதவை 2. 'எழுதிக்கொண்டிருப்பவை' 3. கடைசியில் ஒரு செய்தித்தாள் கட்டுரை. விளம்பரம் கேட்டது அங்கீகாரம் பெற்ற இதழ்களில் 5. அவளிடம் அது இருக்கிறது, ஆனால் அவள் பட்டியலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

அங்கீகாரம் என்ற சொல்லுக்கு இங்கே தனி எடை உண்டு. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தென்னாப்பிரிக்காவில் உயர்கல்வி, பயிற்சித் துறை தான் ஏற்கும் இதழ்களின் பட்டியல்களை வைத்திருக்கிறது. வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ் போன்ற உலகப் பட்டியல்களும் உண்டு, உள்ளூர் இதழ்களுக்கென்று துறையே வைத்திருக்கும் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியல்களில் உள்ள இதழில் கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் கிடைக்கும். மானியக் கணக்கில் ஒரு கட்டுரைக்கு ஒரு அலகு, அது கட்டுரையை எழுதியவர்களின் நிறுவனங்களுக்கு இடையே பங்கு பிரிக்கப்படும். நான்கு ஆசிரியர்களில் ஒருவர் மட்டும் உங்கள் பல்கலைக்கழகம் என்றால் கால் அலகுதான். 2015 கொள்கைப்படி மாநாட்டுத் தொகுப்புக் கட்டுரைக்கு அரை அலகு. ஆகவே குழு 'அங்கீகாரம் பெற்றதா' என்று கேட்பது வெறும் தரக் கேள்வி இல்லை, அதில் காசுக் கணக்கும் இருக்கிறது. இது பிடிக்கிறதா என்று கேட்டால் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி தாளில் இருக்கிறது.

அதனால் பட்டியலை உடைத்தோம். 'அங்கீகாரம் பெற்ற இதழ்களில் கட்டுரைகள்' என்று முதல் தலைப்பு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு சொல், அதோடு கட்டுரையின் நிரந்தர இணைய முகவரியான டிஓஐ இணைப்பு. சந்தேகப்படுகிறவர் ஒரு சொடுக்கில் பார்த்துக்கொள்ளட்டும். கட்டுரை வந்த ஆண்டில் இதழ் பட்டியலில் இருந்ததா என்பதுதான் கணக்கு, இன்று இருக்கிறதா என்பது அல்ல. அதை அவள் ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததில் 7இல் 6தான் தேறியது.

ஏழாவது ஒரு சங்கடம். டாக்டர் பட்டம் படிக்கும்போது அவளுடைய ஆய்வுக் குழுவில் ஒருவர் அவசரப்பட்டு அனுப்பியது. கட்டணம் கட்டி, ஒன்பதே நாளில் ஏற்கப்பட்டது. அப்படிப்பட்ட வேகத்துக்கு, யாரும் சரியாகப் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். "எடுத்துடலாமா பெரியம்மா?" என்றாள். எடுக்க வேண்டாம் என்றேன். கூகுள் ஸ்காலரில் அவள் பெயரைத் தட்டினால் அது வரத்தான் செய்யும். சிவியில் இல்லாமல் அங்கே இருந்தால் மறைத்தது போல் ஆகிவிடும். 'பிற இதழ்களில்' என்று தனித் தலைப்பில் ஒரே வரியாக வைத்தோம். ஆறோடு கலக்கவில்லை என்பதுதான் முக்கியம். கலந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் உறுப்பினர் மற்ற ஆறையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

எண்ணிடுவதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. புதியது மேலே, பழையது கீழே என்று எல்லோரும் அடுக்குவார்கள், ஆனால் எண்ணை மேலிருந்து 1, 2 என்று போடுவார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். மேலே 6, கீழே 1. தலைப்புக்குக் கீழே கண் விழும் முதல் எண்ணே மொத்தக் கணக்காகிவிடும், யாரும் எண்ண வேண்டியதில்லை. அடுத்த கட்டுரை வந்தால் மேலே 7 என்று சேர்த்தால் போதும், பழைய எண்கள் மாறாது. இது பின்னால் நிதிப் பகுதியில் உதவும்.

அடுத்தது பெயர்கள். அவள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டோம், இதழோடு கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியராக இருந்த இரண்டு கட்டுரைகளில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. நிறத்தால் வேறுபடுத்தியிருந்தாள், அதை எடுக்கச் சொன்னேன். மனிதவளப் பிரிவு கறுப்பு வெள்ளையில்தான் அச்செடுக்கும், அவள் போட்ட நீலம் சாம்பலாகிவிடும். தன் மாணவி முதலாசிரியராகவும் தான் கடைசி ஆசிரியராகவும் இருந்த கட்டுரையில் மாணவியின் பெயருக்கு அடிக்கோடு. அப்புறம் பட்டியலின் தலையில் ஒரு வரி: 'இத்துறையில் முதலாசிரியர் ஆய்வைச் செய்தவர், கடைசி ஆசிரியர் ஆய்வை வழிநடத்தியவர்.' இது எதற்கு என்று கேட்டாள். குழுவில் அவள் துறைக்காரர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வேறு துறைப் பேராசிரியர் இருப்பார், சமவேலைவாய்ப்புப் பிரதிநிதி இருப்பார், தொழிற்சங்கப் பார்வையாளர் இருப்பார். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போடும் வழக்கம் உண்டு. அங்கிருந்து வந்தவருக்குக் கடைசிப் பெயர் என்பது வெறும் கடைசிப் பெயர்தான்.

ஏற்கப்பட்ட ஒன்றுக்குத் தனித் தலைப்பு கொடுத்து, 'ஏற்புக் கடிதம் கேட்டால் தரப்படும்' என்று எழுதினோம். இதழுக்கு அனுப்பிய இரண்டும் 'பரிசீலனையில்' என்ற தலைப்புக்குக் கீழே, இதழின் பெயர் இல்லாமல். பெரிய இதழுக்கு அனுப்பியது சாதனை ஆகாது, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எழுதிக்கொண்டிருக்கும் மூன்றையும் அடித்தேன். அவளுக்கு மனசில்லை. "நேர்காணல்ல கேப்பாங்க, அப்ப சொல்லு" என்றேன். செய்தித்தாள் கட்டுரை கடைசிப் பக்கத்துச் சமூகப் பணிக்குப் போனது. உரைகளையும் சுவரொட்டிகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாகச் சுருக்கி இதழ்க் கட்டுரைகளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தோம்.

கற்பித்தல் பகுதி இரண்டரைப் பக்கம் ஓடியது. காரணம் எளிது: வருடம் வருடமாக எழுதியிருந்தாள், அதே மூன்று பாடம் நான்கு முறை வந்திருந்தது. பெயருக்குப் பதில் பாடக் குறியீட்டு எண்கள் வேறு. அவள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அந்த எண் யாருக்குத் தெரியும்? வருடவாரியாக எழுதியதைப் பாடவாரியாக மாற்றினதும் மூன்றே வரியில் அடங்கிவிட்டது. முதலாண்டு நுண்ணுயிரியல், சுமார் 320 மாணவர், 2022 முதல் ஆண்டுதோறும், 13 வாரத்தில் 6 வாரம். மூன்றாமாண்டு நீர் நுண்ணுயிரியல், சுமார் 45 மாணவர், பாட ஒருங்கிணைப்பாளர், முழுப் பாடமும். இளங்கலைக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பான ஆனர்ஸ், 12 மாணவர், மூன்று விரிவுரை. பழைய பதிப்பில் இவை மூன்றுக்கும் 'கற்பித்தேன்' என்ற ஒரே சொல்தான். பாடத்தை நடத்தியவரும், பாதி வகுப்பு எடுத்தவரும், மூன்று மணி நேரம் வந்து பேசியவரும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். அவளுக்கு நஷ்டம் எங்கே என்றால், மூன்றாமாண்டுப் பாடத்துக்கு வினாத்தாள் அமைப்பது முதல் வெளித் தேர்வாளரோடு பேசுவது வரை எல்லாம் அவள்தான், அது எங்கும் தெரியவில்லை. டாக்டர் பட்டக் காலத்தில் செய்தது ட்யூட்டோரியலும் ஆய்வக உதவியும். அதை அந்தப் பெயரிலேயே கீழே தனியாக வைத்தோம், விரிவுரை வருடங்களோடு கூட்டவில்லை.

மேற்பார்வையைக் கற்பித்தலிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் கொண்டுவந்தேன், விளம்பரம் அதைத் தனியாகக் கேட்டிருந்தது. இங்கே குழுவின் கண் 'முடித்தவர்' என்ற சொல்லைத்தான் தேடும். ஆராய்ச்சிவழி முதுகலை மாணவர் ஒருவர் பட்டம் பெற்றால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அலகு, டாக்டர் பட்டம் என்றால் மூன்று. அதனால் முடித்தவர்கள் மேலே, படித்துக்கொண்டிருப்பவர்கள் கீழே. ஒவ்வொருவருக்கும் தனி மேற்பார்வையா, இணை மேற்பார்வையா என்று. அவளுக்கு முடித்த ஆனர்ஸ் மாணவர் 4, இணை மேற்பார்வையில் முடித்த முதுகலை மாணவி 1, நடந்துகொண்டிருக்கும் டாக்டர் பட்டம் 1, அதுவும் இணை. குறைவுதான். ஆனால் 'ஆறு மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன்' என்று அவள் முன்பு எழுதியிருந்ததைவிட இது அவளுக்கு நல்லது. அந்த ஆறைப் படித்தவர் எல்லாமே ஆனர்ஸ் என்றுதான் நினைத்திருப்பார்.

நிதிப் பகுதிக்கு வந்தபோது மாலை நாலரை. தங்கை தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பகுதியின் தலையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'பெற்ற ஆராய்ச்சி நிதி, மொத்தம் 38 லட்சத்து 40 ஆயிரம் ராண்ட்.' தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

அதைப் பிரித்தோம். அதில் 36 லட்சம் அவளுடைய மேற்பார்வையாளர் முதன்மை ஆய்வாளராக இருந்து வாங்கிய மூன்று வருடத் திட்டம். இவள் அதில் ஆய்வாளர். 1 லட்சத்து 80 ஆயிரம் அவள் படிப்புக்கான உதவித்தொகை. மிச்சம் 60,000. அது பல்கலைக்கழகத்துக்குள் அவள் தானே விண்ணப்பித்து வாங்கிய தொடக்க நிதி.

பொய் சொல்லவில்லை, எல்லாமே நடந்தவைதான். ஆனால் நேர்காணலில் யாராவது ஒருவர் நிச்சயமாகக் கேட்பார், 36 லட்சத்தில் முதன்மை ஆய்வாளர் யார் என்று. சில சமயம் அந்த மேற்பார்வையாளரைத் தெரிந்தவரே குழுவில் இருப்பார், துறை சின்னது. அப்படி ஒரு கேள்வியில் ஒரு விண்ணப்பதாரர் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன நல்ல பதில்கள்கூட யார் காதிலும் விழவில்லை.

மொத்தத் தொகை என்ற வரியையே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரு சின்ன அட்டவணை: யார் கொடுத்தது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எவ்வளவு ராண்ட், என்ன பொறுப்பு, என்ன விளைந்தது. முதல் வரியில் அந்த 60,000, பொறுப்பு 'முதன்மை ஆய்வாளர்'. இரண்டாவது வரியில் 36 லட்சம், பொறுப்பு 'குழு உறுப்பினர். மாதிரி சேகரிப்புப் பிரிவை நடத்தியவர், அதன் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம்'. அந்தப் பிரிவுக்கு வண்டி, எரிபொருள், ஆய்வகக் கட்டணம் எல்லாவற்றையும் திட்டமிட்டுக் கணக்கு ஒப்படைத்தது அவள்தான். அந்த விவரம் பழைய சிவியில் ஒரு சொல்கூட இல்லை! 36 லட்சம் என்ற எண் அதை விழுங்கியிருந்தது. உதவித்தொகை 'விருதுகளும் உதவித்தொகைகளும்' என்ற தலைப்புக்குப் போனது. அது அவளுக்குக் கிடைத்த பணம், அவள் நடத்திய ஆராய்ச்சிக்குக் கிடைத்த பணம் இல்லை.

"60 ஆயிரம்னு தனியா பாத்தா ரொம்பச் சின்னதா இருக்கே பெரியம்மா" என்றாள். இருக்கத்தான் செய்யும். அதனால்தான் அட்டவணையில் கடைசிப் பத்தி, 'என்ன விளைந்தது'. அங்கே 'கட்டுரை 5. முதுகலை மாணவியின் ஆய்வுத் தரவு' என்று எழுதினோம். கட்டுரை 5 எது என்று பார்க்க விரும்புகிறவர் இரண்டு பக்கம் முன்னால் போனால் அதே எண் இருக்கும். திருப்பி எண்ணிட்டதன் பயன் இங்கேதான். சின்னத் தொகையில் ஒரு கட்டுரையும் ஒரு பட்டமும் வந்திருக்கிறது என்பதைக் குழு தானாகக் கூட்டிக்கொள்ளும். விண்ணப்பித்துக் கிடைக்காத நிதிகளை எழுத வேண்டாம். முடிவு வராத ஒன்று இருந்தால் 'நிலுவையில்' என்று தனியாக ஒரு வரி போதும்.

முதல் பக்கத்தைக் கடைசியில்தான் எழுதினோம். பெயர், தொடர்பு, இப்போதைய பதவி, மூன்று வரியில் பட்டங்கள். அதற்குக் கீழே விளம்பரத்தில் கேட்ட அதே வரிசையில், முடிந்தவரை அதே சொற்களில், ஐந்து வரிகள். 'அங்கீகாரம் பெற்ற இதழ்களில் கட்டுரைகள்: 6, முதலாசிரியராக 4 (பக்கம் 2)' என்ற மாதிரி ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பக்கமும். கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இந்த ஐந்து வரியிலேயே தன் பெட்டிகளை நிரப்பிவிடலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தைப் புரட்டலாம். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. உள்ளே பட்டியல் மாறியும் முதல் பக்கம் மாறாமல் இருப்பது. அவள் முதலில் 7 என்று எழுதிவிட்டாள், ஏற்கப்பட்டதையும் சேர்த்து. உள்ளே தலைப்பின் கீழ் 6 இருந்தது. இந்த ஒரு எண் வித்தியாசம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாதது, ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாதே. அனுப்புவதற்கு முன் யாரையாவது உட்காரவைத்து முதல் பக்க எண்களை உள்ளே எண்ணச் சொல்லுங்கள். எங்களுக்குத் தங்கை எண்ணினாள், விரல் விட்டு.

மேற்கோள் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் என்று எழுதாமல் எச்-இண்டெக்ஸ் போடாதீர்கள். கூகுள் ஸ்காலர் காட்டும் எண் ஸ்கோபஸ் காட்டுவதைவிடப் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். ஆய்வாளர்களுக்கு எழுத்தில் தரும் தரமதிப்பீடு இருந்தால் பெயருக்குக் கீழேயே எழுத்தையும் செல்லுபடியாகும் காலத்தையும் போடலாம். அவளுக்கு இன்னும் இல்லை, அதனால் ஒன்றும் போடவில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவள் பெயரும் பக்க எண்ணும் வைத்தோம். 43 பேருடைய காகிதங்கள் ஒரே கோப்பில் கலந்திருக்கும்போது, பெயரில்லாத நான்காம் பக்கம் யாருடையது என்று தேடுவது எரிச்சலான வேலை. மொத்தம் ஐந்து பக்கம் வந்தது. இதே சிவியை ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்புவதாக இருந்தால் 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லையும் ராண்ட் கணக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே துறையின் இந்தப் பட்டியல் கணக்கு யாருக்கும் அர்த்தமாகாது. வரலாறு, இலக்கியம் போன்ற துறை என்றால் முதல் தலைப்பு புத்தகமாக இருக்க வேண்டும். அது வேறு கதை.

வியாழக்கிழமை இரவு அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எல்லாம் சரி. அந்தத் தேவாரப் பரிசை ஏன் எடுத்தீங்க?"

குழுவில் அதற்குப் பெட்டி இல்லை என்றேன்.

"பெட்டி இல்லாட்டி என்ன" என்றாள். பழைய 14 பக்கத்தையும் அவள் தூக்கிப்போடவில்லையாம். சாமி அறை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.